தீபாவளி ஆர்டரும் கொட்டாவி வராத டெய்லர் அக்காவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் புதுச்சேரில மனநல டாக்டரா இருக்கேன், கிளினிக்குக்கு வர்றவங்கள்ல பாதிப்பேர் கடலூர் பக்கம்தான், பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல வந்துடலாம், உள்ளூர்ல தெரிஞ்சவங்க கண்ணுலயும் பட வேணாம்ல. இது அப்படி வந்த ஒரு குடும்பத்தோட கதை. அவங்க சம்மதத்தோட எழுதுறேன், அடையாளம் தெரியிற விஷயம் எல்லாத்தையும் மாத்திட்டேன். பேர் வேணாம், அவங்க தெருவுல கூப்பிடுற மாதிரியே டெய்லர் அக்கான்னே வச்சுக்கலாம்.

அக்காவுக்கு வயசு 34. திருப்பாப்புலியூர்ல வீட்டு முன் ரூம்லயே ரெண்டு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாங்க. வீட்டுக்காரருக்கு சிப்காட்ல வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். ரெண்டு பசங்க, கூட மாமியார். தீபாவளிக்கு அஞ்சு நாள் இருக்கும்போது என்கிட்ட வந்தாங்க. வந்தாங்கன்னா, கூட்டிட்டு வந்தாங்க. அக்கா ரூமுக்குள்ள வந்ததும் என் பிளவுஸைப் பார்த்து "மேடம் யாரு தச்சது இது, ஷோல்டர் இறங்குது பாருங்க, கழட்டிக் குடுங்க அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணித் தர்றேன்"னு ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல. ஷோல்டர் நிஜமாவே இறங்கிதான் இருந்துச்சு, அது வேற விஷயம்.

வீட்டுக்காரர் சொன்ன மொத வார்த்தை, "மேடம், தூங்க மாட்டேங்குறா, ஆனா நல்லாத்தான் இருக்கா." இந்த 'ஆனா'வுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

தீபாவளி நேரத்துல டெய்லர் தூங்கலன்னா அதுல என்ன இருக்கு? எந்த ஊர் டெய்லரைக் கேட்டாலும் ஐப்பசில ரெண்டு வாரம் ராத்திரி ஒரு மணிக்கு முன்னாடி படுக்க மாட்டாங்க. அதனாலதான் ஒரு வாரமா யாருக்கும் சந்தேகமே வரல, மாமியார் பக்கத்து வீட்டுல "என் மருமக மாதிரி உழைக்கிறவ இந்தத் தெருவுல உண்டா"ன்னு பெருமையாவே சொல்லியிருக்காங்க. வேலை இருக்கு, அதனால முழிச்சிருக்கா. காரணம் கண்ணு முன்னாடி இருந்துட்டா அதுக்கு மேல யாரும் கேள்வி கேக்கறதில்ல.

நான் மொதல்ல செஞ்சது ராத்திரி ராத்திரியா பிரிச்சு எழுதினதுதான். சும்மா "எத்தனை மணி நேரம் தூங்குனீங்க"ன்னு கேட்டா யாருக்கும் சரியா ஞாபகம் வராது. நல்ல வேளையா வீட்டுக்காரருக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட், அக்கா அவருக்கு ராத்திரி பூரா வாட்ஸ்அப்ல மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மணி இருக்கே, அதைவிட நல்ல தூக்கக் கணக்கு எங்க கிடைக்கும். வழக்கமா அக்கா பத்தரைக்குப் படுத்து அஞ்சரைக்கு எழுந்துக்குற ஆளு, ஏழு மணி நேரம். மொத சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தைச்சிட்டு அஞ்சு மணிக்கு எழுந்திருக்காங்க, அது சாதாரண ஆர்டர் ராத்திரிதான். ஞாயிறு மூணு மணி நேரம். திங்கள் ரெண்டரை. செவ்வாய் மூணு. புதன்கிழமை 1:40, 2:15, 3:50, 4:20ன்னு வரிசையா வாய்ஸ் மெசேஜ், ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம் நாலு நிமிஷம், அன்னைக்கு ஒரு மணி நேரம் கண்ணை மூடியிருந்தா அதிகம். வியாழன் வெள்ளியும் அப்படியேதான். ஏழு ராத்திரி சேர்த்து 49 மணி நேரம் தூங்கியிருக்க வேண்டியவங்க 16 மணி நேரம்கூட தூங்கல.

இந்தக் கணக்கை மட்டும் வச்சு நான் எதையும் முடிவு பண்ணல. கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மாவும் இந்தக் கணக்குக்கு வந்துடுவாங்க, அவங்களுக்கு மேனியான்னு, அதாவது மனநிலையும் வேகமும் அளவுக்கு மீறி ஏறிப்போற வியாதின்னு ஆயிடுமா. நான் கேட்ட கேள்வி வேற. மத்தியானம் மூணு மணிக்கு எப்படி இருந்தாங்க?

ராத்திரி கண் முழிச்ச டெய்லர் மத்தியானம் மூணு மணிக்கு எப்படி இருப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். கண்ணு எரியும், ஊசில நூல் கோக்க நாலு தடவை ஆகும், டீ மேல டீ போகும், பெடல்ல கால் இருக்கும்போதே தலை தொங்கும். உடம்பு தூக்கத்தைக் கடன்காரன் மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும். அக்காவுக்கு அது ஒண்ணுமே இல்ல. அந்த வாரம் டீயே குறைஞ்சுபோச்சுன்னு மாமியார் சொன்னாங்க, "டீ போட்டுத் தந்தா ஆறிப்போயி கெடக்கும், அவளுக்கு உக்கார நேரம் இல்ல." கொட்டாவி விட்டுப் பார்த்தீங்களான்னு கேட்டேன், மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க, யாருக்கும் ஞாபகம் இல்ல.

தூக்கம் குறையிறதுல மூணு வகை இருக்குன்னு எங்க ஜூனியர்களுக்கு சொல்லுவேன். தூங்க ஆசை இருக்கு, நேரம் இல்ல, அது வேலைப் பளு. ஆசையும் இருக்கு நேரமும் இருக்கு, படுத்தா வரமாட்டேங்குது, மறுநாள் பிழிஞ்சு போட்ட துணி மாதிரி ஆயிடுறாங்க, அது தூக்கமின்மை. மூணாவதுல ஆசையே இல்ல. மூணு மணி நேரம் தூங்கி எழுந்து பத்து மணி நேரம் தூங்குன மாதிரி ஃப்ரெஷ்ஷா இருக்காங்க, அப்படியே நாலஞ்சு நாள் ஓடுது. தூக்கத்தோட தேவையே குறைஞ்சுபோற இந்த மூணாவதுதான் மேனியா, அதோட லேசான வடிவமான ஹைப்போமேனியா ரெண்டுக்கும் அடையாளம். ஒரு ராத்திரி இப்படிப் போனா கல்யாண சந்தோஷத்துலகூட போகும். தொடர்ந்து நாலு நாள் போனா நான் நிமிர்ந்து உக்காருவேன்.

வீட்டுக்காரர்கிட்ட இன்னொண்ணும் கேட்டேன், வேலை இல்லாதப்ப படுக்கச் சொன்னா என்ன ஆச்சு? வியாழக்கிழமை மாமியார் வற்புறுத்தி பத்து மணிக்கு லைட்டை அணைச்சு படுக்க வச்சிருக்காங்க. வேலைக் களைப்புல இருக்கிறவங்கன்னா தலை சாய்ச்ச அஞ்சு நிமிஷத்துல குறட்டை வந்து, விட்டா மறுநாள் ஒன்பது மணி வரைக்கும் தூங்கியிருப்பாங்க. அக்கா பன்னெண்டரைக்கு எழுந்து சமையலறை அலமாரியை இறக்கிக் கழுவிட்டு, மூணு மணிக்கு வாசல் தெளிச்சு கோலம் போட ஆரம்பிச்சுட்டாங்க. சின்னக் கோலம் இல்ல, நாலு வீட்டு வாசலைத் தாண்டி ஒரு புள்ளிக் கோலம், கலர் பொடியோட. காலைல எதிர்வீட்டுக்காரம்மா "என்ன டெய்லரு, மார்கழி முன்னாடியே வந்துடுச்சா"ன்னு கேட்டிருக்காங்க. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. போட்டோ எடுத்து வச்சிருந்தாரு, ரொம்ப அழகான கோலம், ஒரு மூலைல மட்டும் முடிக்காம விட்டிருந்துச்சு.

அடுத்து ஆர்டர் நோட்டு. அதைக் கொண்டு வரச் சொல்லல, அக்காவே பைல வச்சிருந்தாங்க, என்கிட்ட காட்டத்தான். என் கையில கிடைச்சதுல இதைவிட நல்ல ஆதாரம் இல்ல. முன்னாடிப் பக்கங்கள்ல ஒரு ஆளுக்கு ஒரு பக்கம், உயரம், மார்பு, இடுப்பு, ஷோல்டர், கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து, எல்லாம் ஒரே கையெழுத்து, மூலைல துணி பிட்டு ஸ்டேப்ளர் அடிச்சிருக்கும். செவ்வாய்க்கிழமைல இருந்து எழுத்து பெருசாகுது. ஒரு பக்கத்துல ரெண்டு மூணு ஆளோட அளவு, பாதி அளவு எழுதி பாதி இல்ல, நடுவுல பாண்டில மிஷன் வீதில கடை போட்டா வாடகை எவ்ளோ ஆகும்னு கணக்கு, அதுக்குக் கீழ எம்பிராய்டரி மெஷின் அஞ்சு, அதுக்குப் பக்கத்துல கடைக்குப் பேரு பதினோரு விதமா.

வழக்கமா அவங்க ஒரு நாளைக்கு நாலு பிளவுஸ் முடிப்பாங்க. ஞாயிறு திங்கள் எட்டு எட்டு முடிச்சிருக்காங்க, தையலும் சுத்தமா இருந்துச்சாம். இதை மறைக்காம சொல்லணும், ஆரம்பத்துல நிஜமாவே வேலை கூடுது, மூளை வேகமா ஓடுது, கை தெளிவா இருக்கு, அதனாலதான் இதை வியாதின்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. புதன்கிழமை மூணு. வெள்ளிக்கிழமை பதினாலு பிளவுஸுக்கு துணி வெட்டியிருக்காங்க, முடிஞ்சது ஒண்ணு. அதுலயும் ஒருத்தங்க பட்டுத்துணியை இன்னொருத்தங்க அளவுக்கு வெட்டிட்டாங்க. சாதாரண ஆர்டர் அவசரத்துல தூக்கம் குறையக் குறைய தப்பு வரும், தப்பு வந்தா பயம் வரும், "ஐயோ இனி புது ஆர்டர் வேணாம்"னு போர்டு மாட்டுவாங்க. இங்க தப்பு வர வர ஆர்டர் கூடுது. வெட்டுனது ஏறுது, முடிச்சது இறங்குது. என்னைக் கேட்டா உழைப்பையும் வியாதியோட எபிசோடையும் பிரிக்கிற கோடு இந்த நோட்டுலதான் இருந்துச்சு.

வீட்டுக்காரருக்கு சந்தேகம் வந்தது தூக்கத்தால இல்ல, அடகுக் கடை ரசீதால. மூணு சவரன் செயினை வச்சு எம்பிராய்டரி மெஷினுக்கு இருபதாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்திருக்காங்க, யார்கிட்டயும் சொல்லல. கேட்டதுக்கு "உனக்கு என் வளர்ச்சி பிடிக்கல"ன்னு கத்தியிருக்காங்க. ஒரு கஸ்டமரையும் வாசல்லயே வச்சு திட்டி அனுப்பியிருக்காங்க, பதினஞ்சு வருஷத்துல அப்படி நடந்ததே இல்லையாம்.

நாங்க மனநோயை முடிவு பண்ணப் பார்க்கிற டிஎஸ்எம்-5 புத்தகத்தோட கணக்குல, மனநிலையும் சக்தியும் ரெண்டும் சேர்ந்து வழக்கத்துக்கு மாறா ஏறி, கூடவே தூக்கத் தேவை குறையிறது, பேச்சு கூடுறது, எண்ணம் ஓடுறது, கவனம் சிதறுறது, தன்னைப் பத்தின நினைப்பு பெருசாகுறது, வேலை கூடுறது, யோசிக்காம பணத்தை இறக்குறது மாதிரி ஏழுல குறைஞ்சது மூணு இருக்கணும், வெறும் எரிச்சல் மட்டும்தான்னா நாலு. நாலு நாள் இருந்து, மத்தவங்களுக்கும் மாற்றம் தெரிஞ்சு, ஆனா வாழ்க்கை பெருசா குலையலன்னா ஹைப்போமேனியா. ஒரு வாரம் தாண்டி, வேலையும் உறவும் பணமும் கெட ஆரம்பிச்சுட்டா மேனியா. ஆஸ்பத்திரில சேர்க்க வேண்டிய அளவுக்குப் போயிட்டா நாள் கணக்கே பார்க்க வேண்டியதில்ல. புதன்கிழமை வந்திருந்தா ஹைப்போமேனியான்னு எழுதியிருப்பேன், வந்தது எட்டாவது நாள், மேனியான்னுதான் எழுதினேன். "அம்மன்தான் மேடம் என் கையில உக்காந்து தைக்கிறா"ன்னு அக்கா சொன்னதைக் கேட்டு என் ஜூனியர் பேனாவை எடுத்துட்டாரு, மனப்பிரமைன்னு எழுத. இருங்கன்னு சொல்லிட்டு மாமியாரைக் கேட்டேன், "அதை நாங்க எல்லாருமே சொல்லுவோம் மேடம், கத்தரிக்கோலுக்குப் பொட்டு வச்சிட்டுத்தான் வெட்டுவா"ன்னாங்க. எழுதல.

இனி, ஏன் இப்போ? மூணு வாரத்துக்கு முன்னாடி அக்கா சோர்வா, அழுகையா இருக்குன்னு ஒரு டாக்டர்கிட்ட போயிருக்காங்க, அவர் எஸ்சிட்டாலோப்ராம் 10 மில்லிகிராம் எழுதியிருக்காரு. மனச்சோர்வுக்கு நல்ல மாத்திரைதான், நானும் தினம் எழுதுறேன். ஆனா பைபோலார், அதாவது மனநிலை சில சமயம் இப்படி ஏறி, சில சமயம் சோர்ந்து இறங்குற வியாதி உள்ள ஒருத்தருக்கு மனநிலையைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து இல்லாம இதை மட்டும் குடுத்தா சில பேருக்கு மேல தூக்கி விட்டுடும். அதனால மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடி "இதுக்கு முன்னாடி எப்பவாவது தூங்காமலே பல நாள் ரொம்ப சுறுசுறுப்பா இருந்தீங்களா"ன்னு ஒரு கேள்வி கேக்கணும். கேக்கலன்னு தெரியுது. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான், ஏன்னா நானே அரை மணி நேரம் தோண்டுனதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. அக்காவுக்கு 24 வயசுல தங்கச்சி கல்யாணம், பன்னெண்டு நாள் ராத்திரி பகலா ஒத்த ஆளா நின்னு எல்லாத்தையும் பார்த்திருக்காங்க, யாருக்கும் தெரியாம கடன்ல ஆறு பட்டுப்புடவை எடுத்திருக்காங்க, கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் படுத்த படுக்கை. வீட்டுல அதைத் திருஷ்டின்னு வச்சிருந்தாங்க. அப்போ எந்த மாத்திரையும் சாப்பிடல. அம்மா வழில ஒரு மாமா, அப்பப்போ ஊரை விட்டுப் போயிடுவாரு, ரெண்டு தடவை ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க.

ஆக மாத்திரை மட்டும் காரணம் இல்ல, ஏற்கெனவே இருந்த நெருப்புல அது ஊதியிருக்கு. அந்த சனிக்கிழமை ராத்திரி கண் முழிச்சதும் ஊதியிருக்கு. தூக்கம் குறையிறது மேனியாவோட விளைவு மட்டும் இல்ல, இந்த உடம்பு உள்ளவங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனாலே எபிசோடு கிளம்பலாம். அப்போ ஆர்டர் என்ன பண்ணுச்சுன்னா, வியாதியைக் கிளப்பியும் விட்டுச்சு, யாரும் பார்க்காம மறைச்சும் வச்சுச்சு.

தைராய்டு பார்த்தேன், சரியா இருந்துச்சு. ஸ்டீராய்டு மாத்திரையோ உடம்பு இளைக்கிற மருந்தோ எதுவும் இல்ல. கர்ப்பம் இல்லன்னும் உறுதி பண்ணிக்கிட்டேன், மருந்து தேர்வுக்கு அது முக்கியம். குழந்தை பெத்துக்கிற வயசுல உள்ள பெண்களுக்கு மேனியாவுக்குக் குடுக்கிற வால்ப்ரோயேட்டை நான் தொடறதில்ல, கருவுல இருக்கிற குழந்தைக்கு அது பெரிய கெடுதல் பண்ணும்.

எஸ்சிட்டாலோப்ராமை அன்னைக்கே நிறுத்தினேன். மேனியாவை அடக்க ராத்திரி ஓலன்சாபின் 10 மில்லிகிராம், மொத வாரத்துக்கு மட்டும் தூக்கத்துக்காக கொஞ்சம் குளோனசெபாம். ஆஸ்பத்திரில சேர்க்கலாமான்னு பேசினோம். அக்கா மாத்திரை போட ஒத்துக்கிட்டாங்க, முழு மனசோட இல்ல, "தூங்கினா தையல் இன்னும் சுத்தமா வரும்"னு நான் சொன்னதுக்காக. வீட்டுக்காரர் லீவு போட்டாரு, அதனால வீட்டுலயே பார்க்கலாம்னு முடிவு பண்ணோம். மாத்திரை போட்டும் ரெண்டு ராத்திரி தூங்கல, சாப்பிட தண்ணி குடிக்க மாட்டேங்குறாங்க, யாரோ கெடுதல் பண்றாங்கன்னு பயப்படுறாங்க, சாவைப் பத்திப் பேசுறாங்க, வீட்டை விட்டுக் கிளம்புறாங்க, இதுல ஏதாவது ஒண்ணுன்னா எனக்காகக் காத்திருக்காம ஜிப்மர் அவசரப் பிரிவுக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ போங்கன்னு எழுதிக் குடுத்தேன். ராத்திரில யோசனை கேக்க அரசோட மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ஏடிஎம் கார்டையும் மிச்ச நகையையும் மாமியார்கிட்ட வைக்கச் சொன்னேன், பறிச்ச மாதிரி இல்லாம, "ஒரு மாசத்துக்கு எந்தப் பெரிய முடிவும் ரெண்டு பேரும் சேர்ந்துதான்"னு அக்காகிட்டயே பேசி.

மொத ராத்திரி நாலு மணி நேரம், மூணாவது ராத்திரி ஆறு, ஆறாவது நாள் எட்டு. தூக்கம்தான் முதல்ல திரும்பும். பேச்சு வேகம் குறைய இன்னும் ஒரு வாரம், மிஷன் வீதிக் கடை நெனப்பு போக அதுக்கும் மேல. தூக்கம் வந்துடுச்சு இனி மாத்திரை எதுக்குன்னு நிறைய குடும்பம் இந்த இடத்துலதான் நிறுத்துவாங்க. கஸ்டமருக்கெல்லாம் வீட்டுக்காரர் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, வெட்டி வச்ச துணியை எல்லாம் நெல்லிக்குப்பம் ரோட்டுல ஒரு டெய்லர்கிட்ட குடுத்து முடிச்சாரு. பட்டுத்துணி கெட்டுப்போனவங்களுக்கு காசு குடுத்தாங்க. எம்பிராய்டரி அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்துச்சு.

அப்புறம் கிட்னி, தைராய்டு, கால்சியம் டெஸ்ட் பார்த்துட்டு, மனநிலையைத் தாங்கிப் பிடிக்கிற லித்தியம் ஆரம்பிச்சேன். இதுல ஒரு டெய்லருக்கு மட்டும் சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. நாள் பூரா குனிஞ்சு தைக்கிறவங்களுக்கு கழுத்து வலி, முதுகு வலி, மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க, அக்காவும் வாரத்துக்கு நாலஞ்சு போடுவாங்களாம். டைக்ளோஃபினாக், ஐபூபுரூஃபன் ரகம் எல்லாம் லித்தியம் சிறுநீர்ல வெளிய போறதைக் குறைச்சுடும், ரத்தத்துல அளவு ஏறி நச்சாயிடும். வலிச்சா பாராசிட்டமால் மட்டும்னு நோட்டு அட்டைலயே எழுதி வச்சேன். சித்திரை வெயில்ல மூடுன ரூம்ல வேர்த்து ஊத்துற வேலை, வாந்தி பேதி வந்தாலும் இதே ஆபத்துதான், கை நடுக்கம் பெருசாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறுச்சுன்னா அடுத்த மாத்திரையைப் போடாம உடனே வரணும். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு காலைல ரத்தம் எடுத்துப் பார்த்தோம், லித்தியம் அளவு 0.7 இருந்துச்சு, அது போதும். ஜனவரில அக்கா கொஞ்சம் இறங்கினாங்க, மேனியாவுக்குப் பின்னாடி சோர்வு வர்றது சகஜம், இந்தத் தடவை மூணு மாசப் படுக்கை இல்ல, மூணு வாரம்தான்.

அடுத்த தீபாவளிக்கு முன்னாடி மூணு பேரையும் உக்கார வச்சுப் பேசினோம். ஆர்டர் 40க்கு மேல வேணாம், ஒன்பதரைக்கு மெஷினுக்கு உறை போட்டுடணும், வீட்டுக்காரர் அந்த ரெண்டு வாரம் நைட் ஷிப்ட் மாத்திக்கணும். அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ ரெண்டு ராத்திரி தொடர்ந்து போயி, மறுநாள் மத்தியானமும் களைப்பு தெரியலன்னா எனக்கு போன் பண்ணணும், அக்கா "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாலும். இந்த கடைசி வரியை அக்காவேதான் சேர்த்தாங்க, "அந்த நேரத்துல நான் சொல்றதை நம்பாதீங்க"ன்னு.

தீபாவளிக்கு ஆறு நாள் முன்னாடி மத்தியானம் வீட்டுக்காரர் போன் வந்துச்சு. ரெண்டு ராத்திரியா நாலு நாலு மணி நேரம்தான் தூங்கியிருக்கா, பையனுக்குக் காய்ச்சல், ஆர்டரும் முடியல, பயமா இருக்கு மேடம்னாரு. இப்போ என்ன பண்றாங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, எட்டிப் பார்க்கிறாருன்னு நெனைக்கிறேன்.

"மெஷின் மேலயே தலையை வச்சு தூங்குறா மேடம். வாயெல்லாம் எச்சி."

சரி எழுப்பாதீங்க, சாயங்காலம் வரைக்கும் தூங்கட்டும், ராத்திரி பையனை நீங்க பார்த்துக்கோங்கன்னு சொல்லி வச்சேன்.